பணம் வராத சரக்குக்கு எதற்கு இன்வாய்ஸ்?

"உத்தரவாதக் காலத்தில் பழுதான 12 மோட்டார்களுக்குப் பதிலாகப் புதியவை அனுப்பினோம். காசு வாங்கவில்லை. பூஜ்ய மதிப்பில் இன்வாய்ஸ் போட வேண்டும் என்கிறார் கணக்காளர். எதற்கு? கணக்கில் எப்படி எழுதுவது?"

உங்கள் கணக்காளர் சொல்வது சரிதான். கிடங்கிலிருந்து 12 மோட்டார் வெளியே போயிருக்கிறது. அதற்குக் காகிதம் இல்லையென்றால், தணிக்கையாளரோ வரி அதிகாரியோ அதைக் கணக்கில் காட்டாத விற்பனை என்றுதான் முதலில் சந்தேகிப்பார். அது விற்பனை இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். வாடிக்கையாளருக்கும் இந்தக் காகிதம் தேவை. பொருள் தனக்கு உரியதானதற்கும், அதற்குக் கடன் இல்லை என்பதற்கும் அதுதான் சான்று.

வெறும் '0' போட்டு விட்டுவிடாதீர்கள். "உத்தரவாத மாற்று, கட்டணம் இல்லை" என்ற குறிப்பு, பழைய இன்வாய்ஸின் எண்ணும் தேதியும், பழைய, புதிய மோட்டார்களின் சீரியல் எண்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அடுத்து கணக்கு. ஒரு மோட்டாரின் அடக்க விலை 400 என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக் கணக்கில் எதுவும் ஏறாது. ஆனால் சரக்கு இருப்பில் 4,800 குறையும். அதை வரவு வைத்து, உத்தரவாத ஒதுக்கீட்டைப் பற்று வையுங்கள். ஒதுக்கீடு வைத்திருக்கவில்லை என்றால் உத்தரவாதச் செலவைப் பற்று வையுங்கள். திரும்பி வந்த பழுதான மோட்டார்களைத் தனி இருப்பாகக் காட்டுங்கள். பழைய இரும்பு விலையாக ஒன்றுக்கு 50 தேறும் என்றால், 600 இருப்பில் ஏறி, நிகரச் செலவு 4,200 ஆகும். சில மென்பொருள்கள் இந்த 4,800-ஐத் தானாகவே 'விற்ற சரக்கின் அடக்கம்' என்ற தலைப்பில் போட்டுவிடும். திடீரென்று மொத்த லாப விகிதம் இறங்கினால் அங்கேதான் பாருங்கள். உத்தரவாத மாற்றாக இல்லாமல் இலவச மாதிரியாக அனுப்பிய பொருள் என்றால் பற்று விற்பனை மேம்பாட்டுச் செலவுக்குப் போகும்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. திரும்பி வந்த பொருளுக்குக் கிரெடிட் நோட்டும் கொடுத்து, மாற்றுப் பொருளுக்குப் பூஜ்ய இன்வாய்ஸும் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் வாடிக்கையாளருக்குப் பொருளும் கிடைக்கும், பணமும் கிடைக்கும்! கிரெடிட் நோட்டு கொடுத்தால் மாற்றுப் பொருளுக்கு முழு விலையில் இன்வாய்ஸ் போட வேண்டும். இரண்டில் ஒரு வழிதான்.

விலை பூஜ்யம் என்பதால் வரியும் பூஜ்யம் என்று எண்ணாதீர்கள். உத்தரவாத மாற்றின் விலை முதல் விற்பனையிலேயே அடங்கியது, அதனால் தனியாக வரி இல்லை என்று பல வரிச் சட்டங்கள் ஏற்கும். இலவச மாதிரிக்கு அப்படி இல்லை. கொள்முதலில் கழித்த வரியைத் திருப்பிக் கட்டச் சொல்லும் சட்டங்கள் உண்டு. உங்களுக்குப் பொருந்தும் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சரக்கு எல்லை தாண்டுகிறது என்றால் சுங்கத்துக்குப் பூஜ்யம் செல்லாது. விற்பனையே இல்லாத இடத்தில் அவர்கள் அதே வகைப் பொருளின் விலையை வைத்து மதிப்பிடுவார்கள். அதனால் உண்மையான மதிப்பை எழுதி, "சுங்க மதிப்பீட்டுக்கு மட்டும், பணம் செலுத்தத் தேவையில்லை" என்று சேர்த்துவிடுங்கள்.