இரவு இரண்டு மணிக்கு நடக்கும் விசாரணை

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 29 வயது. 2017-இல் மெக்கானிக்கல் முடித்து, கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். 2019 ஜூனில் அதை விட்டுவிட்டு, குரூப் 2 தேர்வுக்குப் படிக்க ஊருக்கு வந்தேன். 2022-இல் முதல்நிலைத் தேர்வில் தேறினேன். முதன்மைத் தேர்வில் தவறினேன். 2024-இல் முதல்நிலையே தாண்டவில்லை. இப்போது அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். போன மாதம் உடன் படித்த ஒருவன், தன் கிரகப்பிரவேச அழைப்பிதழை என்னிடம்தான் பிரிண்ட் எடுத்துப் போனான். இரவு இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. படிப்பு தவறு, ஊருக்கு வந்தது தவறு என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறேன். வேலையை விட்டதை நினைத்தால்தான் நெஞ்சு அதிகம் எரிகிறது. ஆறு வருடம் வீணாகிவிட்டது. நான் எடுத்த முடிவு ஒன்றாவது சரியா?

பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

அன்புத் தம்பிக்கு,

மற்றவற்றை ஓரமாக வைத்துவிட்டு, அதிகம் எரிகிற அந்த ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். முதல் பகுதியில், 2019 ஜூனில் உங்களுக்குத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுங்கள்: அன்றைய சம்பளம், ஷிப்ட் நேரம், வீட்டு நிலைமை, கையிருப்பு, யாரிடம் யோசனை கேட்டீர்கள் என்பது. இரண்டாவது பகுதியில், அன்று உண்மையிலேயே இருந்த மற்ற வழிகள். மூன்றாவதில், பிறகு வந்தவை.

மூன்றாவது பகுதியில் முதலில் வரவேண்டியது கொரோனா. 2018 நவம்பருக்குப் பிறகு குரூப் 2 முதல்நிலைத் தேர்வு 2022 மே மாதம்தான் நடந்தது. நீங்கள் ஊருக்கு வந்து ஏறக்குறைய மூன்று வருடம் எழுதுவதற்குத் தேர்வே இல்லை. ஆறு வருடம் என்று நீங்கள் போடும் கணக்கில் பாதி அது. அதை 23 வயதுப் பையன் எப்படி அறிந்திருப்பான்?

1975-இல் பருச் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த பழைய போர் பற்றிய குறிப்பைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார். சிலரிடம் ஆங்கிலேயர் வென்றதாகச் சொன்னார், சிலரிடம் கூர்க்காக்கள் வென்றதாகச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ, அது நடக்கத்தான் வாய்ப்பு அதிகம் இருந்தது என்று அந்தந்தக் கூட்டம் நினைத்தது. முடிவு தெரிந்தபின், அது முன்பே தெரிந்திருக்க வேண்டியது போலத் தோன்றிவிடும். இரவில் நீங்கள் நடத்தும் விசாரணையில், பிறகு கிடைத்த சாட்சியங்களை வைத்து அந்தப் பையனைத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதனால் எல்லா முடிவும் சரி என்று நான் சொல்லமாட்டேன். முதன்மைத் தேர்வில் தவறியது தெரிந்த பிறகு, அடுத்த முறை எழுதுவதா, எத்தனை முறை, அதுவரை வருமானத்துக்கு என்ன என்று உட்கார்ந்து முடிவெடுத்ததாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. என் அனுபவத்தில் தேர்வுக்குப் படிப்பவர்களைத் தேங்க வைப்பது பெரும்பாலும் தவறான முடிவு அல்ல. எடுக்காமலே நாள் நகர்ந்துபோன முடிவு. அதை இன்றும் எடுக்கலாம். இன்னும் ஒரு முறை என்றால், அது எந்தத் தேர்வு, எந்த நிலையில் நின்றுவிட்டால் நிறுத்துவீர்கள் என்று தேதியோடு எழுதி, அப்பாவிடம் சொல்லுங்கள். நமக்கு நாமே சொல்லிக்கொண்ட எல்லை, ரிசல்ட் வந்த வாரமே நகர்ந்துவிடும். கூடவே, பழைய துறையில் இன்று எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கோவையில் இருக்கும் யாராவது ஒருவரிடம் கேளுங்கள். சேர வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

இரவில் அந்த எண்ணம் வரும்போது அடக்கப் பார்க்காதீர்கள், அடக்கினால் திமிறும். கேள்வியை மட்டும் கவனியுங்கள். 'ஏன் இப்படிச் செய்தேன்?' என்பதற்கு இரண்டு மணிக்கு விடை கிடைக்காது. பத்து நிமிடத்தில் புதிதாக எதுவும் தோன்றவில்லை என்றால், அது யோசனை இல்லை, அரைத்த மாவையே அரைப்பது. எழுந்து விளக்கைப் போட்டு, 'நாளை என்ன செய்வேன்?' என்று ஒரு வரி எழுதிவிட்டு, தூக்கம் வந்தபின் படுங்கள்.

அந்த அழைப்பிதழ் பற்றி ஒன்று. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் படித்தீர்கள்? அவர்களில் எத்தனை பேரைப் பற்றி இந்த ஒரு வருடத்தில் ஏதாவது கேள்விப்பட்டீர்கள்? அறிவிக்க ஏதாவது இருப்பவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். சத்தமில்லாமல் இருக்கும் ஒருவருக்கு இந்த வாரம் போன் செய்யுங்கள்.

தூக்கமின்மையோடு, எதிலும் நாட்டமில்லாமை, பசியின்மை, சாப்பிடவே தோன்றாத சோர்வு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால், அது வேறு விஷயம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வாழ வேண்டாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

தாளை எழுதி முடித்ததும் மூன்றாவது பகுதியில் என்னென்ன இருந்தன என்று எனக்கு எழுதுங்கள்.