நூ பிரியாமல், தோ உடையாமல்: தலைப்புக்கும் பத்திக்கும் எழுத்துரு தேர்வது

கேள்வி: ஒரு காலாண்டு மடலை வடிவமைக்கிறேன். அச்சுக்கு ஒரு பிடிஎஃப், கூடவே ஓர் இணையப் பக்கம். ‘நூறு பூக்களும் ஒரு தோட்டமும்’ என்ற தலைப்புக்குத் தடித்த எழுத்துரு ஒன்றைப் போட்டதும் பிடிஎஃபில் நூ, பூ எல்லாம் பிரிந்து, தோ உடைந்து நிற்கிறது. இணையப் பக்கத்தில் அதே எழுத்துரு சரியாகத் தெரிகிறது. ஆனால் அங்கே பத்திகளில் வரிகள் ஒன்றையொன்று முட்டுகின்றன. தலைப்புக்கும் பத்திக்கும் எந்த எழுத்துருவைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை தீரும்?

பதில்: உங்கள் தலைப்பிலேயே நல்லதொரு சோதனை இருக்கிறது. முதலில் ‘தோ’வைப் பாருங்கள், பிறகு ‘நூ’வைப் பாருங்கள். இவை இரண்டும் உடைவதற்கான காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம்.

யூனிகோடில் ‘தோ’ என்பது த என்ற மெய்யும் அதைத் தொடரும் ஓகாரக் குறியும் ஆகும். கணினியின் நினைவில் குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் இருக்கும். இரட்டைக்கொம்பை எடுத்து முன்னால் வைத்து, துணைக்காலைப் பின்னால் விடும் வேலையை, எழுத்துக்களை வரிசைப்படுத்தும் மென்பொருள்தான் செய்ய வேண்டும். எழுத்துரு தானாகச் செய்துகொள்ளாது. ஆகவே கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிகளாலான ஒரு வட்டத்தின் மேல் குறி தொங்கினாலோ, குறை எழுத்துருவில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. அதே கோப்பு உலாவியில் சரியாக வருகிறது என்று நீங்கள் சொல்வதும் அதையே உறுதிப்படுத்துகிறது. இன்டிசைனில் பத்திப் பலகத்தின் பட்டியலுக்குப் போய் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் தனித்தனியாக மாற்றாமல், பத்திப் பாணியிலேயே அதைப் பதிந்துவிடுவது நல்லது. வேறு மென்பொருள் என்றால் இந்திய மொழிகளுக்கோ சிக்கலான எழுத்துமுறைகளுக்கோ உரிய அமைப்பு ஏதேனும் அணைந்து கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அப்படி ஒன்றுமே இல்லாத பழைய மென்பொருளில் எந்த யூனிகோடு எழுத்துருவும் உங்களுக்கு உதவாது.

‘நூ’வின் கதை வேறு. தமிழில் உகர, ஊகாரக் குறிகள் மெய்யோடு கலந்து புது வடிவம் கொள்கின்றன. பதினெட்டு மெய்களுக்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்கள். பு, சு, வு ஆகியவற்றில் கீழே ஒரு கோடு இறங்குகிறது. கு, மு, ளு ஆகியவை வளைந்து சுற்றுகின்றன. து, நு, று ஆகியவற்றில் கோடு கீழே இறங்கி வலப்புறம் மேலேறுகிறது. இந்த வகையின் ஊகாரத்தில், அதாவது தூ, நூ, றூ ஆகியவற்றில், அதன்மேல் கால் போன்ற ஓர் உறுப்பும் சேர்கிறது. இவ்வளவையும் ஒரே குறியை ஒட்டிப் பெற முடியாது என்பதால், எழுத்துருவை வடிவமைப்பவர் 36 வடிவங்களையும் தனித்தனியே வரைந்து, எந்த மெய்யும் குறியும் சேர்ந்தால் எந்த வடிவம் வர வேண்டும் என்ற விதியையும் கோப்புக்குள் எழுதி வைக்க வேண்டும். தோ ஒழுங்காக வந்து நூ மட்டும் பிரிந்தால், ஒன்று அந்த வடிவம் வரையப்படவில்லை, அல்லது விதி தொலைந்துவிட்டது. இணையத்துக்காகக் கோப்பைச் சிறிதாக்கும் சில கருவிகள் இந்த விதிகளை வெட்டி எறிந்துவிடுவதுண்டு; அப்போது நல்ல எழுத்துருவும் கெட்டதாகத் தெரியும். மூலக் கோப்பை நேரடியாகப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உகரக் குறி தனியே நிற்பதெல்லாம் பிழை அல்ல. ஜு, ஷு, ஸு, ஹு ஆகிய கிரந்த எழுத்துக்களில் குறி மெய்யின் பக்கத்தில் தனியாகவே நிற்கும். அதுதான் சரியான வடிவம். அதைப் பார்த்து ஒரு நல்ல எழுத்துருவைத் தள்ளிவிடாதீர்கள்.

எந்த எழுத்துருவை எடுத்தாலும், விலை கொடுத்து வாங்குவதற்கும் மடலில் பயன்படுத்துவதற்கும் முன்னால் கீழுள்ள வரியைத் தட்டி, தலைப்பின் அளவிலும் பத்தியின் அளவிலும் பாருங்கள்:

```
கு கூ சு சூ டு டூ ணூ தூ நூ பூ று ளூ
டி டீ ர் ரி ரீ கொ கோ கௌ க்ஷ ஸ்ரீ ஜு
```

டி, டீ ஆகியவற்றில் சுழி ட-வோடு இணைந்து வர வேண்டும், மேலே தனியாக மிதக்கக் கூடாது. க்ஷ, ஸ்ரீ இரண்டும் புள்ளி தெரியாமல் ஒரே உருவாக ஒன்ற வேண்டும். ர் என்பதில் எழுத்துருக்கள் இரு வகையாகப் பிரிகின்றன: சில, ர-வின் கீழ்க்காலை நீக்கிவிட்டுத் துணைக்கால் போன்ற வடிவத்தின் மேல் புள்ளி வைக்கும், சில கீழ்க்காலை அப்படியே வைத்திருக்கும். இரண்டும் வழக்கில் உள்ளவை. ஆனால் ‘கார்’ என்ற சொல்லைச் சிறிய அளவில் இட்டால், முதல் வகையில் இரண்டு கால்கள் அடுத்தடுத்து நின்று கண்ணைக் குழப்பும். பத்திக்கு நான் எப்போதும் இரண்டாம் வகையையே எடுப்பேன்.

இனித் தலைப்பு. தடித்த எழுத்துருவில் முதலில் அடைபடுவது எது என்று கேட்டால் ணூ என்பேன். அகலமான அந்த ஒரே எழுத்துக்குள் அத்தனை சுழிகளும் செங்குத்துக் கோடுகளும் நெருங்கி நிற்கின்றன. கோடு தடிக்கத் தடிக்க இடைவெளி சுருங்கி, கடைசியில் கறுப்புத் திட்டாகிவிடும். உங்கள் தலைப்பில் ணூ இல்லை. ஆனால் ‘நூறு’ இருக்கிறது, இது அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. அனெக் தமிழ் என்ற எழுத்துருவில் தடிமனை 100 முதல் 800 வரையும், அகலத்தை 75 முதல் 125 விழுக்காடு வரையும் மாற்றலாம் என்பதால் இந்தத் தலைப்புக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். தடிமன் 700, அகலம் 100 என்று தொடங்குங்கள். இடம் போதவில்லை என்று அகலத்தை 75-க்குக் குறைத்தால் ‘நூறு’வின் கோடுகள் நெருங்கிவிடும், குறுக்கியே ஆக வேண்டுமென்றால் தடிமனை 600-க்கு இறக்கிவிட்டுக் குறுக்குங்கள். உருண்டையான, விளையாட்டான தோற்றம் வேண்டுமென்றால் பாலூ தம்பி 2 பொருந்தும். ஆனால் அதைத் துணைத்தலைப்புகளுக்கு, அதாவது 18 பிக்சல் போன்ற சிறிய அளவுகளுக்கு, மிகத் தடித்த நிலையில் கொண்டுபோக வேண்டாம்.

எழுத்திடைவெளியைக் கூட்டித் தலைப்பை அகட்டும் பழக்கம் ஆங்கிலத் தலைப்புகளிலிருந்து நம்மிடம் வந்தது. தமிழில் அது கெடுதலையே செய்யும். சில மென்பொருள்கள் கொம்பையும் மெய்யையும், மெய்யையும் காலையும்கூட இரு வேறு எழுத்துக்களாகக் கருதி இடைவெளியை நுழைத்துவிடும். ‘தோட்டமும்’ என்பது ‘தே ா ட்டமும்’ போலப் பிளந்து தெரிவதற்கு அதுவே போதும். தலைப்பு நீள வேண்டுமென்றால் அகலமான எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், இடைவெளியைத் தொடாதீர்கள்.

பத்திக்கு வருவோம். வரிகள் முட்டுவதற்குக் காரணம் ஆங்கிலத்துக்குப் போதுமான வரியுயரத்தைத் தமிழுக்கும் வைத்திருப்பதாகத்தான் இருக்கும். தமிழில் இகர, ஈகாரச் சுழிகளும் புள்ளியும் மேலே எழுகின்றன. கூடவே உகர, ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. எழுத்தளவின் 1.2 மடங்கு வரியுயரத்தில், மேல்வரியின் பூ-வின் கோடும் கீழ்வரியின் ‘கீ’யின் சுழியும் உரசிக்கொள்ளும். பத்திக்கு 1.6 முதல் 1.7 மடங்கு வரை வையுங்கள். 17 பிக்சல் எழுத்துக்குச் சுமார் 28 பிக்சல் வரும். பல வரிகளாக உடையும் தலைப்புக்கு 1.35 போதுமானது.

பத்தி எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழை எடுத்துக்கொள்ளலாம். 100 முதல் 900 வரை தடிமன்கள் இருப்பதால் பத்திக்குள் வரும் தடித்த சொற்களுக்கும் உண்மையாக வரையப்பட்ட வடிவம் கிடைக்கும். டிரோ தமிழ் நீண்ட வாசிப்புக்கு அழகானது, ஆனால் அதில் சாதாரண வடிவமும் சாய்வு வடிவமும் மட்டுமே உண்டு. அதைத் தடித்துக் காட்டச் சொன்னால், உலாவி கோடுகளைத் தானே வீங்கவைத்துப் போலித் தடிமன் ஒன்றை உண்டாக்கும். புள்ளியின் வளையமும் ஈகாரச் சுழியும் அடைந்துபோகும். இந்தக் கோளாறு இணையப் பக்கத்தில் வராமலிருக்க, போலித் தடிமனையே தடுத்துவிடுங்கள்:

```css
h1 {
  font-family: "Anek Tamil", "Noto Sans Tamil", sans-serif;
  font-weight: 700;
  line-height: 1.35;
  letter-spacing: 0;
}
body {
  font-family: "Noto Serif Tamil", serif;
  font-size: 17px;
  line-height: 1.65;
  font-synthesis: none;
}
```

இதில் பெயர் வரிசையும் முக்கியம். தமிழே இல்லாத ஓர் ஆங்கில எழுத்துருவை முதலில் எழுதிவிட்டுப் பின்னால் தமிழ் எழுத்துருவைச் சொல்லாமல் விட்டால், உலாவி கணினியில் கிடைக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் அழகாக இருந்தது வாசகரின் கைப்பேசியில் வேறாகத் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அச்சுப் பிரதிக்கு, திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பக்கத்தை உண்மையான அளவில், உதாரணமாக 10 பாயின்ட் எழுத்தளவில், அச்சிட்டு மெய்யெழுத்துக்களின் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். மெல்லிய கோட்டுடைய எழுத்துருக்களில் முதலில் மறைவது அதுதான். ‘கல்’ ‘கல’ ஆகிவிட்டால் பொருளே மாறிப்போகும்.

எழுத்துருவை எவ்வளவு மாற்றினாலும் தீராத ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ‘கௌ’ என்பதற்குப் பதிலாகச் சிலர் கெ-யையும் ள-வையும் தட்டிக் ‘கெள’ என்று எழுதுகிறார்கள். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒள’ என்றும். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், சிலவற்றில் ள பெரிதாகத் துருத்தி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு எழுத்துரு சரியில்லை என்று குறை சொல்வார்கள். கட்டுரைகள் உங்களிடம் வந்ததும் தேடல் வசதியில் ‘கெள’, ‘மெள’, ‘ஒள’ ஆகியவற்றைத் தேடி ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். ‘ஒளி’, ‘மெள்ள’ போன்றவற்றில் ள முறையாகவே வருவதால், அனைத்தையும் ஒரே கட்டளையில் மாற்றிவிட வேண்டாம்.