கண்ணுக்குத் தெரிகிற எண் வேறு, கூட்டலுக்குப் போகிற எண் வேறு

கேள்வி: மணிக்கு 50 வீதம் மூன்று வேலைகளுக்கு எக்செலில் பில் போட்டேன். 20 நிமிடம், 50 நிமிடம், 35 நிமிடம். தொகைகள் 16.67, 41.67, 29.17 என்று தெரிகின்றன. SUM போட்டால் 87.50 வருகிறது, கால்குலேட்டரில் கூட்டினால் 87.51. கூட்டல் தப்பு என்று பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எக்செல் தப்பாகக் கூட்டுமா? மொத்தத்தை நானே 87.51 என்று அடித்து அனுப்பிவிடலாமா?

பதில்: அடித்து அனுப்பாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 0.01 எங்கே போனது என்று பார்ப்போம்.

முதல் தொகை இருக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, Home பட்டையில் இருக்கும் Increase Decimal பொத்தானை மூன்று நான்கு முறை அழுத்துங்கள். 16.67 மெல்ல 16.66667 ஆகும். இரண்டாவது 41.66667, மூன்றாவது 29.16667. கட்டத்துக்குள் எப்போதுமே இருந்தவை இந்த எண்கள்தான். இரண்டு தசம இடம் என்று நீங்கள் வைத்த அமைப்பு வெறும் திரைச்சீலை. அது எண்ணைத் தொடாது, பின்னால் இருப்பதை மறைக்கும், அவ்வளவுதான். SUM திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் கூட்டுகிறது. நீங்களும் பில்லைப் பார்த்தவரும் முன்னால் நின்று கூட்டுகிறீர்கள். மூன்று வரிகளுமே மேல்நோக்கி முழுமையாகித் தெரிகின்றன. ஒவ்வொன்றிலும் 0.00333 கூடுதலாகக் காட்டியதில் மொத்தம் 0.01 ஆகிவிட்டது.

ஆக, எக்செலின் கூட்டலில் தப்பு இல்லை. காட்டுகிற விதத்தில்தான் எனக்குப் பல வருடக் கோபம். ஒரு கட்டத்தை நாணய அமைப்புக்கு மாற்றினால் இரண்டு தசமத்துக்கு மேல் இருப்பதைத் தானாகவே மறைத்துவிடுகிறது. மறைத்திருக்கிறேன் என்பதற்கு ஓர் அடையாளம், ஒரு சின்னப் புள்ளி, எதுவும் கிடையாது. மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பார்த்தாலும் =B2/60*50 என்று சூத்திரம்தான் தெரியும், விடை தெரியாது. பிறகு ஜனங்கள் கால்குலேட்டரை எடுக்காமல் என்ன செய்வார்கள்?

சரி, வேலைக்கு வருவோம். ஒவ்வொரு வரியையும் காட்சியில் மட்டும் முழுமையாக்காமல் கணக்கிலேயே முழுமையாக்க வேண்டும். அதற்கு ROUND. நிமிடங்கள் B2 முதல் B4 வரை, தொகைகள் C2 முதல் C4 வரை இருப்பதாக வைத்துக்கொண்டால், C2 கட்டத்தில் இப்படி எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(B2/60*50,2)
```

கடைசியில் உள்ள 2, இரண்டு தசம இடம் என்பதற்காக. இப்போது கட்டத்துக்குள்ளும் 16.67தான் இருக்கும், வெளியிலும் அதுதான் தெரியும். பழைய SUM சூத்திரத்தைத் தொட வேண்டாம். அது தானாகவே 87.51 காட்டும், கால்குலேட்டரும் அதையே சொல்லும். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும் இதே சூத்திரம்தான். மொத்தத்தை மட்டும் ROUND செய்வதில் பயனில்லை. தப்பு வரிகளில் இருக்கிறது, மொத்தத்தில் இல்லை.

இதைச் செய்வதற்கு முன்னால் வித்தியாசம் உண்மையிலேயே தசமத்தால் வந்ததுதானா என்று சோதித்துவிடுங்கள். இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கும்போது ஒரு வரியில் அதிகபட்சம் 0.005 மறையும். வரிகளின் எண்ணிக்கையோடு மொத்தத்துக்கான ஒன்றையும் சேர்த்து 0.005 ஆல் பெருக்குங்கள். உங்கள் பில்லில் நான்கு தரம் 0.005, அதாவது 0.02. வித்தியாசம் 0.01 என்பதால் அது எல்லைக்குள் அடங்குகிறது. மூன்று வரிப் பில்லில் 0.40 வித்தியாசம் வந்தால் தசமத்தைக் குறை சொல்லாதீர்கள். SUM வீச்சில் ஒரு வரி விட்டுப் போயிருக்கும், அல்லது ஏதோ ஒரு எண் எழுத்தாகச் சேமிக்கப்பட்டுக் கூட்டலுக்கே வராமல் இருக்கும். தசமத்தின் மேல் பழியைப் போட்டு ROUND போர்த்தி மூடிய பில்களுக்குள் இந்த மாதிரி நிஜத் தப்புகள் ஒளிந்திருந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கையால் அடிக்கும் விஷயம். 87.51 என்று நீங்களே அடித்தால் SUM அழிந்துவிடும். அடுத்த மாதம் அதே கோப்பை நகலெடுத்து நிமிடங்களை மாற்றுவீர்கள். வரிகள் மாறும், மொத்தம் மட்டும் 87.51 என்றே உட்கார்ந்திருக்கும். இதன் தம்பி ஒருவன் உண்டு, அவன் இன்னும் மோசம்: சூத்திரத்தின் வாலில் +0.01 சேர்ப்பது. இந்த மாதத்துக்குச் சரியாக இருக்கும், மற்ற எல்லா மாதத்துக்கும் தப்பு. எக்செல் கோப்பைச் சரிசெய்து தருகிறேன் என்று காசு வாங்கிக்கொள்பவர்களிலும், ஆயத்த பில் கோப்புகளை விற்பவர்களிலும் சிலர் இதைத்தான் செய்துவிட்டு, தாளுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியும் கொடுக்கிறார்கள். பூட்டிய கோப்பு எதையும் வாங்காதீர்கள். பூட்டாததை வாங்கினால் மொத்தக் கட்டத்தைச் சொடுக்கிச் சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே =SUM இல்லாமல் வெறும் எண் இருந்தாலோ, வாலில் ஒரு சில்லறை ஒட்டிக்கொண்டிருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி எக்செலுக்குள்ளேயே இருக்கிறது. File, Options, Advanced என்று போனால் Set precision as displayed என்றொரு தேர்வு. "ஒரே டிக், எல்லாம் சரியாகிவிடும்" என்று இதைப் பரிந்துரைக்கிறவர்கள் ஏராளம். டிக் செய்தால் உங்கள் 87.50 உடனே 87.51 ஆகும், உண்மைதான். ஆனால் அது பில் கட்டங்களோடு நிற்காது, அந்தக் கோப்பின் எல்லாத் தாள்களிலும் பாயும். எனக்கு ஒருவர் அனுப்பிய கோப்பில் இன்னொரு தாளில் 7.25% என்று ஒரு வரி விகிதம் இருந்தது. தசமம் இல்லாத அமைப்பால் அது 7% என்று தெரிந்துகொண்டிருந்தது. டிக் விழுந்த கணத்தில் அது நிஜமாகவே 7% ஆகிவிட்டது. 40,000க்கு 2,900 வர வேண்டிய வரி 2,800 ஆனது. டிக்கை எடுத்தால் பழைய எண் திரும்பி வராது. தரவு நிரந்தரமாகத் துல்லியம் இழக்கும் என்று எக்செலே ஓர் எச்சரிக்கை காட்டும். அதைப் படிக்காமல் சரி அழுத்துவதற்குத்தான் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்களே! லிப்ரே ஆபிஸிலும் Precision as shown என்ற பெயரில் இது இருக்கிறது. இரண்டையும் தொடாதீர்கள்.

இனி ROUND தீர்க்காத ஒரு நிலைமை. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் பில்லே இந்த வகையாக இருக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகத் தொகை என்றால் 87.51 சரி, மேலே சொன்னதோடு முடிந்தது. மொத்த நேரத்துக்கு மணிக்கு 50 என்றால் நேரம் 105 நிமிடம், தொகை சரியாக 87.50. அப்போது உண்மையான தொகை மொத்தம்தான். வரிகள் அதைப் பிரித்துக் காட்டுகிற பங்குகள். வரிகளை முழுமையாக்கி மொத்தத்தை 87.51 ஆக்கினால், ஒப்பந்தத்தைவிட 0.01 அதிகமாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரே பில்லுக்கு அது ஒன்றுமில்லை. இருநூறு வரிப் பட்டியலில் விளக்கம் கேட்பார்கள்.

ஒரு நிலையான தொகையைப் பங்கு போடும் எல்லா இடத்திலும் இதே கதைதான். 1000ஐ மூன்றாகப் பிரித்தால் 333.33 மூன்று தரம், கூட்டினால் 999.99. ROUND போட்டாலும் 999.99தான், போடாவிட்டால் 1000 என்று காட்டிக் கண்ணைக் கட்டும். மிச்சமிருக்கும் 0.01 ஏதோ ஒரு வரியில் இறங்கியே ஆக வேண்டும். அது எந்த வரி என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சின்னப் பட்டியலுக்கு வழி இது: கடைசி வரியைத் தவிர மற்றவற்றை ROUND செய்யுங்கள். கடைசி வரியைப் பெருக்கிக் கண்டுபிடிக்காமல், மொத்தத்திலிருந்து கழித்து எடுங்கள். 87.50 என்ற மொத்தம் E1 கட்டத்தில் இருந்தால், C4 கட்டத்தில்:

```
=ROUND(E1-SUM(C2:C3),2)
```

16.67, 41.67 போக மிச்சம் 29.16. இப்போது மூன்றையும் கூட்டினால் 87.50, கால்குலேட்டரிலும் அதே. கடைசி வரி தன் நியாயமான பங்கைவிட 0.01க்கும் குறைவாகத்தான் இழக்கிறது. இதில் எளிதில் மறந்து போகும் விஷயம் ஒன்று: கடைசி வரி மிகச் சிறிய தொகையாக இருக்கக் கூடாது. 0.02 மதிப்புள்ள வரியில் 0.01ஐக் கழித்தால் பாதி போய்விட்டது என்று அந்த வரிக்கு உரியவர் சண்டைக்கு வருவார். பெரிய தொகையைக் கடைசிக்கு நகர்த்துங்கள்.

வரிகள் நூற்றுக்கணக்கில் போனால் எல்லாச் சில்லறையும் கடைசி வரியின் தலையில் குவிந்துவிடும். அப்போது சில்லறையை வழியெங்கும் பரப்ப வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அதுவரையிலான கூட்டுப் பங்கைக் கணக்கிட்டு முழுமையாக்கி, மேலே ஏற்கனவே கொடுத்ததைக் கழிப்பது அந்த வழி. உங்கள் பில்லில் 20 நிமிடம் வரை 16.67, 70 நிமிடம் வரை 58.33, அதில் 16.67 போக இரண்டாம் வரி 41.66, 105 நிமிடம் வரை 87.50, அதில் 58.33 போக மூன்றாம் வரி 29.17. C2 கட்டத்தில் எழுதிக் கீழே இழுக்க வேண்டியது:

```
=ROUND(SUM(B$2:B2)/SUM(B$2:B$4)*E$1-SUM(C$1:C1),2)
```

C1 தலைப்பு எழுத்தாக இருப்பதால் SUM அதைக் கண்டுகொள்ளாது. B$4 என்பதை உங்கள் கடைசி வரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பில்லைத் திருப்பியவருக்கு இப்போது என்ன அனுப்புவது? ஒப்பந்தம் வேலைவாரி என்றால் ROUND போட்டு 87.51. மொத்த நேரம் என்றால் 16.67, 41.67, 29.16, மொத்தம் 87.50. ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை என்றால் அவரையே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பும்போது சிஎஸ்வி கோப்பாக மட்டும் கேட்டால் அதற்கு முன் ROUND போட்டாகிவிட்டதா என்று பாருங்கள்: எக்செல் அந்தக் கோப்பில் திரையில் தெரிகிற எண்களை எழுதும், மறைந்த தசமங்களை எழுதாது. ROUND இல்லாத பழைய பில் அப்படிப் போனால் 87.51க்கு வரிகளும் 87.50க்கு மொத்தமுமாக அவர் கைக்குச் சேரும், அந்த 0.01 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அவரிடம் எதுவும் இருக்காது.