தங்கம் ஏறிவிட்டது, எவ்வளவு விற்பது? – ஆண்டு ரீபேலன்சிங் கேள்வி-பதில்

பங்கு 60, கடன் பத்திரம் 25, தங்கம் 15 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். ஆண்டு முடிவில் ரீபேலன்ஸ் செய்ய, அதாவது மீண்டும் இதே விகிதத்துக்குக் கொண்டுவர, என்ன கணக்குப் போட வேண்டும்?

தொடக்கத்தில் மொத்தம் 1,000 என்று வைத்துக்கொள்வோம். பங்கில் 600, பத்திரத்தில் 250, தங்கத்தில் 150. ஓராண்டில் பங்கு 10% இறங்குகிறது, பத்திரம் 6% தருகிறது, தங்கம் 40% ஏறுகிறது. இப்போது கையில் இருப்பது 540, 265, 210. கூட்டினால் 1,015.

இந்தப் புதிய மொத்தத்தைத்தான் 60, 25, 15 என்று பிரிக்க வேண்டும். பங்குக்கு 609, பத்திரத்துக்கு 253.75, தங்கத்துக்கு 152.25 வரும். ஆகவே தங்கத்தில் 57.75-ம் பத்திரத்தில் 11.25-ம் விற்று, கிடைக்கும் 69-க்குப் பங்கு வாங்க வேண்டும். விற்ற தொகையும் வாங்கும் தொகையும் ஒன்றாக வராவிட்டால் கணக்கில் எங்கோ பிழை.

தங்கத்தில் வந்த லாபமான 60-ஐ மட்டும் எடுத்துவிட்டு 150-இல் நிறுத்துகிறவர்கள் உண்டு. இந்த எடுத்துக்காட்டில் வித்தியாசம் சிறிதுதான். மொத்தம் 1,300 ஆக வளர்ந்த ஆண்டில் அப்படிச் செய்தால் தங்கத்தின் பங்கு 11.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

15-இல் இருந்த தங்கம் 20.7 சதவீதமாகிவிட்டது. அதிகப்படியான 5.7 சதவீதத்தை விற்றேன். ஆனாலும் அளவு குறையவில்லையே?

உங்களிடம் உள்ள தங்கத்தில் 5.7 சதவீதத்தை விற்றிருப்பீர்கள். அது 210-இல் சுமார் 12 தான். அதிகமாக இருப்பது மொத்த முதலீட்டில் 5.7 சதவீதம், அதாவது 57.75. தங்கத்தின் கணக்கில் பார்த்தால் கையிருப்பில் கால் பங்குக்கும் மேலே. சதவீதத்தை விட்டுவிட்டுத் தொகையில் கணக்குப் போட்டால் இந்தக் குழப்பமே வராது.

விற்றால் வரி வருகிறது. விற்காமல் சரிசெய்ய முடியுமா?

புதிதாகப் போட பணம் இருந்தால் முடியும். அதுவே மலிவான வழியும்கூட. மேலே சொன்ன 1,015-உடன் 120 சேர்ந்தால் மொத்தம் 1,135. அந்த 120 முழுவதையும் பங்கில் போட்டால் பங்கு 660 ஆகி 58 சதவீதத்தைத் தொடும். தங்கத்தில் கை வைக்காமலே அதன் பங்கு 18.5 சதவீதமாகிறது.

ஆனால் விற்காமலே சரியாக 15 சதவீதத்துக்குக் கொண்டுவர மொத்தம் 1,400 ஆக வேண்டும். அதற்குப் புதுப்பணம் 385 தேவை. அவ்வளவு இல்லாதவர் முதலில் புதுப்பணத்தைப் போட்டுவிட்டு, மிஞ்சும் வித்தியாசத்துக்கு மட்டும் விற்கலாம்.

எவ்வளவு விலகினால் கை வைக்க வேண்டும்?

5 சதவீதப் புள்ளி விலகட்டும் என்பது பலரும் சொல்லும் விதி. 60% உள்ள பங்குக்கு அது சரி. 5% மட்டும் தங்கம் வைத்திருப்பவருக்கு அது உதவாது: மொத்தத்தில் தங்கத்தின் அளவு இரு மடங்காக வேண்டும், அல்லது ஒன்றுமில்லாமல் போக வேண்டும்! சிறிய ஒதுக்கீடுகளுக்கு இலக்கின் கால் பகுதியை எல்லையாக வைப்பது மேல். இலக்கு 15 என்றால் 11.25-க்கும் 18.75-க்கும் இடையே இருக்கும்வரை விட்டுவிடலாம். 20.7 எல்லையைத் தாண்டியது. 120 சேர்த்த பிறகு வந்த 18.5 தாண்டவில்லை.

என்னிடம் இருப்பது தங்கக் காசுகள். 57.75 என்று துல்லியமாக விற்க முடியாதே?

வேண்டியதும் இல்லை. 210 மதிப்புக்கு 6 காசுகள் என்றால் ஒன்று 35. ஒன்றை விற்றால் தங்கம் 17.2 சதவீதம், இரண்டை விற்றால் 13.8. இரண்டும் எல்லைக்குள்தான். இரண்டு விற்பது இலக்குக்கு நெருக்கம். ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகமுள்ள காசில் ஒன்றோடு நிறுத்துவதே என் தேர்வு. மதிப்பிடும்போது கடைக்காரர் திரும்ப எடுக்கும் விலையைப் போடுங்கள், விற்கும் விலையை அல்ல. அணியும் நகையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். விற்க மனமில்லாத பொருளை வைத்து ரீபேலன்ஸ் செய்ய முடியாது.

ஏறுகிற தங்கத்தை விற்பது நஷ்டம் இல்லையா?

ஏற்றம் பல ஆண்டுகள் தொடர்ந்தால், ஆம், விற்காதவரைவிடக் குறைவாகவே கிடைக்கும். இறக்கத்திலும் வலி உண்டு. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம் 1999-இல் 250 டாலரை ஒட்டி வந்தது. பங்குகள் ஏறிய அந்தக் காலத்தில் விதிப்படி நடந்தவர், இலக்கிலிருந்து குறைந்தபோதெல்லாம் தங்கம் வாங்கிக்கொண்டே இருந்திருப்பார். ரீபேலன்சிங் கூடுதல் லாபத்துக்கான வழி அல்ல. நீங்கள் தேர்ந்த 15 சதவீதம் உங்களைக் கேட்காமல் 30 ஆகிவிடாதபடி காப்பது மட்டுமே அதன் வேலை. 30 வைத்திருக்கவே விருப்பம் என்றால் இலக்கை மாற்றி எழுதுங்கள். ஆனால் அதை விலை ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் செய்யாதீர்கள்.