ஆடிட்டர் சொன்ன 25 சதவீதம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: நாங்கள் இருவர் சேர்ந்து நடத்தும் இயந்திர உதிரிபாகத் தொழிலில் கூட்டாளியின் பங்கை நான் வாங்கப் போகிறேன். நிறுவனம் பங்குச் சந்தையில் இல்லாததால், சந்தையோடு ஒப்பிட்டால் ஒரு பங்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் பீட்டா கிடையாது; அதனால் ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் ஒரு சதவீதம் என்று கூட்டிக்கொண்டே போகும் பில்ட்-அப் முறையில், வருங்கால வரவை இன்றைய மதிப்புக்கு மாற்றும் டிஸ்கவுண்ட் ரேட் 25 சதவீதம் என்கிறார் ஆடிட்டர். 16 வரை கணக்குக் காட்டினார். மீதி 9 "உங்கள் நிறுவனத்துக்கே உரிய ரிஸ்க்" என்றார். எங்கள் விற்பனையில் 40 சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடம் போகிறது, அது உண்மைதான். ஆனால் அதற்கு 9 சதவீதமா?

பதில்: முதல் 16-ஐப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நீண்டகால அரசுக் கடன்பத்திரத்தின் வருமானம் 7, பங்குகளில் பணம் போடுபவர் அதற்கு மேல் எதிர்பார்க்கும் பிரீமியம் 5, சிறிய நிறுவனம் என்பதற்காக 3, துறைக்காக 1 என்று கூட்டியிருப்பார் என வைத்துக்கொள்கிறேன். துறைக்கான 1 பெரும்பாலும் வரும் வழி இதுதான்: உங்கள் துறையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பீட்டா சுமார் 1.2 என்றால், 1-க்கு மேல் உள்ள 0.2-ஐ 5-ஆல் பெருக்குவார்கள். பீட்டா இல்லை என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக அதைக் கொண்டுவருவதுதான் இது. தப்பில்லை.

அளவுக்கான 3-இல் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள். சிறு நிறுவனப் பங்குகள் கூடுதல் வருமானம் தந்திருக்கின்றன என்று ரோல்ஃப் பான்ஸ் என்ற நிதி ஆய்வாளர் 1981-இல் காட்டினார். அதன்பின் அந்தக் கூடுதல் மிகவும் மெலிந்து, அது இருக்கிறதா என்பதே விவாதமாகிவிட்டது. மேலும் நிறுவனங்களை அளவு வாரியாகப் பிரித்து இந்தக் கூடுதலைக் காட்டும் அட்டவணைகளில் கடைசிப் படியில் இருப்பவை எல்லாம் ஆரோக்கியமான சிறு நிறுவனங்கள் அல்ல. ஒரு காலத்தில் பெரிதாக இருந்து, நொடித்துப்போய்ச் சுருங்கியவையும் அங்கே கிடக்கும். அந்தப் படியின் எண்ணை அப்படியே எடுத்திருந்தால் உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது. 3 என்பது அப்படி எடுத்த எண்ணாகத் தெரியவில்லை, விட்டுவிடுவோம்.

இனி அந்த 9. பில்ட்-அப் முறையில் எந்த அட்டவணையும் கைகொடுக்காத இடம் இதுதான், பேரமும் இங்கேதான் நடக்கிறது. "வாடிக்கையாளர் குவிப்புக்கு 4, முதலாளியை நம்பியிருப்பதற்கு 3, கணக்குப் பதிவுகள் சரியில்லாததற்கு 2" என்று மதிப்பெண் போடும் அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏன் 4, ஏன் 6 இல்லை என்று கேட்டால் "அனுபவம்" என்பார்கள். அதற்குப் பதிலாக, ரிஸ்க்கை நிகழ்தகவாக மாற்றிப் பேசவைத்தால் எண்ணுக்குப் பொருள் வந்துவிடும்.

உங்கள் தொழிலையே எடுப்போம். வரியும் கடன் தவணையும் போக, உங்கள் இருவரின் உழைப்புக்கு நியாயமான சம்பளமும் கழித்த பிறகு, அடுத்த ஆண்டு உரிமையாளர்கள் கையில் நிற்கும் பணம் 100 என்போம். அது ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்கிறது. விகிதத்திலிருந்து வளர்ச்சியைக் கழித்து, மீதியால் அந்த 100-ஐ வகுத்தால் மதிப்பு கிடைக்கும்: 16 சதவீதத்தில் 100-ஐ 0.12-ஆல் வகுத்தால் 833. 25 சதவீதத்தில் 0.21-ஆல் வகுத்தால் 476. அந்த 9 சதவீதம் தின்றது 357.

இப்போது அந்தப் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால் என்ன ஆகும்? விற்பனை 40 சதவீதம் குறையும். ஆனால் வாடகையும் பெரும்பாலான சம்பளமும் குறையாது, அதனால் கையில் நிற்கும் பணம் 100-இலிருந்து 30-க்கு விழும் என்று வைப்போம். அந்த நிலையில் தொழிலின் மதிப்பு 30-ஐ 0.12-ஆல் வகுத்தால் 250; ஓராண்டு கழிந்தால் 260. எந்த ஓர் ஆண்டிலும் அவர் போய்விட 5 சதவீத வாய்ப்பு என்றால், இன்றைய மதிப்பு V ஓராண்டில் 16 சதவீதம் கூடி, அவர் இருந்தால் வருவதையும் போனால் வருவதையும் அந்தந்த வாய்ப்பால் பெருக்கிக் கூட்டிய தொகைக்குச் சமமாக வேண்டும்:

```
1.16 V = 0.95 × (100 + 1.04 V) + 0.05 × (30 + 260)
V = 109.5 / 0.172 = 637
```

வாடிக்கையாளர் போகவே மாட்டார் என்று 100-ஐ அப்படியே வைத்துக்கொண்டு இதே 637-ஐ எட்ட வேண்டுமென்றால் 19.7 சதவீத விகிதம் வேண்டும். ஆக 5 சதவீத இழப்பு வாய்ப்பின் விலை 3.7. மனக்கணக்காகப் போடுவதென்றால், வாய்ப்பை இழப்பின் பங்கால் பெருக்குங்கள்: 5 × 0.7 = 3.5. பெரிய வித்தியாசமில்லை.

இதையே திருப்பிப் போட்டால் ஆடிட்டரின் 9 என்ன சொல்கிறது என்று தெரியும். மதிப்பு 476 ஆக வேண்டுமானால், அந்த வாடிக்கையாளர் ஆண்டுக்கு 14 சதவீத வாய்ப்பில் போகிறவராக இருக்க வேண்டும். அப்படியானால் ஐந்தாம் ஆண்டு முடிவில் அவர் இருக்கும் வாய்ப்பு 47 சதவீதம், அதாவது பாதிக்கும் கீழ். 5 சதவீதமாக இருந்தால் அதே ஐந்தாண்டில் 77. இதில் எது நடப்புக்கு நெருக்கம் என்பது உங்களுக்கும் கூட்டாளிக்கும் தெரிந்த விஷயம்: எத்தனை ஆண்டு உறவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அவர்கள் வேறு சப்ளையரிடம் மாதிரி வாங்கிப் பார்த்தார்களா, அந்த உதிரிபாகத்தை வேறு யார் செய்ய முடியும். விகிதத்தைப் பற்றி வாக்குவாதம் செய்வதைவிட இவற்றைப் பேசுவது சுலபம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த 3.7 பயத்துக்கான கூலி இல்லை. எல்லாம் நன்றாக நடந்தால் வரும் 100-ஐ "எதிர்பார்ப்பு" என்று எழுதியதற்கான திருத்தம், அவ்வளவுதான். ஆகவே ஆடிட்டர் வரவுக் கணிப்பிலேயே அந்த வாடிக்கையாளரின் விற்பனையைக் குறைத்துப் போட்டிருந்தால், விகிதத்தில் மறுபடி சேர்ப்பது ஒரே ரிஸ்க்குக்கு இரண்டு முறை வெட்டுவதாகும். நான் பார்த்த தவறுகளில் மிகச் சாதாரணமானது இதுதான். கண்டுபிடிப்பதும் எளிது: வரவுக் கணிப்பை உங்கள் கடந்த மூன்றாண்டுக் கணக்குடன் ஒப்பிடுங்கள். ஏற்கெனவே கணிசமாகத் தாழ்த்தியிருந்தால் காரணம் கேளுங்கள். பங்கை எளிதில் விற்க முடியாது என்பதற்கும் இதே ஆபத்து உண்டு. சிலர் அதை அந்த 9-க்குள் சேர்த்துவிட்டு, கடைசியில் மதிப்பிலிருந்து தனியாக இன்னொரு கழிவும் போடுவார்கள்.

மொத்தத்தையும் இந்தத் தொழிலிலேயே முடக்கிவைத்திருக்கும் உங்களுக்கு, பல பங்குகளில் பரப்பிவைத்திருப்பவரைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். அதற்கு ஒன்று, இரண்டு புள்ளி கொடுக்கலாம்; இதற்கு மேல் துல்லியம் கிடையாது. என் கையில் வந்திருந்தால் 20-க்கும் 22-க்கும் நடுவில் எழுதியிருப்பேன். மதிப்பு 625-இலிருந்து 556 வரை வரும்.

கீழ் எல்லைக்கு ஒரு சோதனை: உங்கள் தொழிலுக்கு வங்கி இன்று எந்த வட்டியில் கடன் தருகிறது என்று பாருங்கள். அடமானம் வைத்து, முதலில் பணம் வாங்கிக்கொள்ளும் வங்கியே 12 கேட்டால், கடைசியில் மிச்சத்தை வாங்குபவர் 16 கேட்பதில் ஆச்சரியமில்லை. 13-க்கு யாராவது மதிப்பிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் வாங்குபவர் என்பதால் 25 உங்களுக்குச் சாதகம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டாளி வேறொரு ஆடிட்டரிடம் காட்டினால், முதலில் கேட்கப்போவது அந்த 9-ஐத்தான்.