"சூப்பர் தம்பி" என்று சொன்னால் போதுமா? டெஸ்டிமோனியல், கேஸ் ஸ்டடி பற்றிய கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு உள்ளூர்க் கடைகளுக்கும் வெளிநாட்டு கிளையன்ட்களுக்கும் கேட்டலாக், வெப்சைட் வேலை செய்து தரும் அக்கா ஒருவர், டெல்டா பகுதி ஃப்ரீலான்ஸர்களின் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

மயிலாடுதுறை, போட்டோகிராஃபர்: அக்கா, நாச்சியார்கோவில்ல ஒரு குத்துவிளக்குக் கடைக்கு வாட்ஸ்அப் கேட்டலாக் செஞ்சு கொடுத்தேன். டெஸ்டிமோனியல் கேட்டா "சூப்பர் தம்பி, நல்லா செஞ்சீங்க"ன்னு ஒரு வரி அனுப்புறாரு. இதை வச்சு பெங்களூர் பிராண்டுகள்கிட்ட அதிக ரேட் கேட்க முடியுமா?

முடியாது. அந்த வரியைப் படிப்பவருக்கு நீங்கள் நல்ல பிள்ளை என்பது மட்டும்தான் தெரியும். தப்பு அவர் மேல் இல்லை, "நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க" என்று கேட்டால் யாரும் இப்படித்தான் எழுதுவார்கள். எழுதச் சொல்லாமல் பேசச் சொல்லுங்கள். கடையில் கூட்டம் இல்லாத மத்தியானம் போய் உட்கார்ந்து மூன்றே விஷயம் கேளுங்கள். கேட்டலாக் வருவதற்கு முன் வெளியூர் ஆர்டரை எப்படிச் சமாளித்தார், அதில் எது தொல்லை? உங்களிடம் வேலையைக் கொடுக்கும் முன் எதற்குத் தயங்கினார்? இப்போது எது மாறியிருக்கிறது, நேற்றோ முந்தாநாளோ நடந்த ஒரு ஆர்டரை வைத்துச் சொல்லட்டும். அவர் அனுமதியோடு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் கேள்விதான் உயிர். பெங்களூர்க்காரருக்கும் அதே தொல்லை இருந்தால், அவர் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. "படத்தில் பளபளப்பாக இருந்து கையில் வாங்கும்போது வேறு மாதிரி இருந்தால் சண்டை வருமே என்று பயந்தேன்" என்று அவர் சொன்னால், அடுத்த கிளையன்ட் மனதில் இருக்கும் பயத்துக்கு நீங்கள் வாயே திறக்காமல் பதில் போய்விடும்.

அதே தம்பி, சில நாள் கழித்து: கேட்டேன்க்கா. முன்னாடி ஒவ்வொருத்தரும் உயரம் என்ன, எடை என்ன, பார்சல் எவ்வளவுன்னு கேட்பாங்களாம். அவர் விளக்கைத் தூக்கி வச்சுப் படம் எடுத்து அனுப்புவாராம். இப்ப அது இல்லையாம். ஆடியில வேலையை முடிச்சேன், ஆவணியில விற்பனை ரெண்டு மடங்காயிடுச்சாம்! அதையே தலைப்பா போட்டுடலாமா?

போடாதீர்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் முகூர்த்தம் வரிசையாக வரும். சீர்வரிசைக்கு விளக்கு வாங்குவார்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் ஆவணியில் விற்பனை ஏறியிருக்கும். இந்த ஊர் வியாபாரம் தெரிந்த ஒருவர் "போன ஆவணியில் எவ்வளவு?" என்று கேட்டால் மொத்தமும் சரிந்துவிடும். ஒப்பிடுவதென்றால் போன வருஷ ஆவணியோடுதான் ஒப்பிட வேண்டும். அப்போதும் பித்தளை விலை, முகூர்த்த நாட்களின் எண்ணிக்கை எல்லாம் குறுக்கே வரும்.

உங்கள் வேலை நேராகத் தொட்டது எது? கேள்விகளின் எண்ணிக்கை. அது வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. கேட்டலாக்குக்கு முன் முடிந்த 20 வெளியூர் ஆர்டர், பின் முடிந்த 20 ஆர்டர், அவர் அருகில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை மெசேஜ் போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரிய விளக்கு சிறிய விளக்கு என்று பொறுக்காமல் வரிசையாக எடுங்கள்.

மறுபடியும் அவரே: எண்ணிட்டோம். முன்னாடி ஒரு ஆர்டருக்கு சராசரி 14, இப்ப 6.

அருமை. இதையே கேஸ் ஸ்டடியாக இப்படி எழுதலாம்:

"நாச்சியார்கோவில் குத்துவிளக்குக் கடை ஒன்று. வெளியூர் ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். ஒவ்வொரு வாடிக்கையாளரும் உயரமும் எடையும் கேட்க, கடைக்காரர் வியாபாரத்துக்கு நடுவே விளக்கை எடுத்து வைத்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லா விளக்கையும் ஒரே வெளிச்சத்தில், அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தேன். எடை, உயரம், பார்சல் செலவைச் சேர்த்துக் கேட்டலாகில் ஏற்றினேன். பளபளப்பைக் கூட்டவில்லை, கையில் வாங்கும்போது ஏமாற்றம் வரக்கூடாது என்பது கடைக்காரரின் கவலை. முன்பு ஒரு ஆர்டர் முடிய சராசரி 14 மெசேஜ், இப்போது 6 (முன்னும் பின்னும் 20 ஆர்டர்களை எண்ணியது)."

இதற்குக் கீழே அவர் பேசியதிலிருந்து இரண்டு வரி, அவர் பேச்சு நடையிலேயே. மெருகேற்ற வேண்டாம். கடைசியில் முழுவதையும் அவருக்கு அனுப்பி, கடைப் பெயர் போடலாமா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் "சரி" வாங்கி வையுங்கள். அப்புறம் பிராண்டுக்குக் கொட்டேஷன் அனுப்பும்போது உங்கள் பத்து வேலையையும் சேர்த்து அனுப்பாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் விலைக்கு மேலே வையுங்கள். அவர்களிடம் கஸ்டமர் கேள்விக்குப் பதில் சொல்லவே தனியாக ஆள் இருப்பார். உங்கள் ரேட்டை ஒரு போட்டோவுக்கு இவ்வளவு என்று பார்க்காமல், அந்த ஆளின் சம்பளத்தோடு வைத்துப் பார்ப்பார்கள்.

திருவாரூர், கன்டென்ட் ரைட்டர்: எதுக்கு இவ்வளவு அலைச்சல்? நானே எழுதி அனுப்பிடுவேன், கிளையன்ட் ஓகே சொல்லிடுவார். எல்லாரும் செய்யறதுதானே.

பாதி சரி. நேரமில்லாதவருக்கு நாம் எழுதிக் கொடுப்பதில் தவறில்லை, அவர் சொன்னதை வைத்து எழுதினால். அவர் சொல்லாததை எழுதி ஓகே வாங்குவதுதான் வம்பு. பத்து கிளையன்ட் பேசினாலும் பத்தும் உங்கள் குரலில் இருக்கும், படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். வெளிநாட்டு கிளையன்ட் டெஸ்டிமோனியல் கொடுத்தவரையே கூப்பிட்டுப் பேசுவதும் உண்டு. அமெரிக்காவில் போலி டெஸ்டிமோனியலைத் தடுக்கும், எஃப்.டி.சி. என்ற அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் விதி 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சந்தைக்கு வேலை செய்பவர்கள் கவனமாக இருப்பது நல்லது.

கும்பகோணம், வீடியோ எடிட்டர்: எனக்கு Upwork-ல எல்லாமே 5 ஸ்டார். ஆனா ரேட் ஏத்தினா ஒருத்தரும் எடுக்கல. இன்னும் எத்தனை ரிவ்யூ சேரணும்?

நான் சொல்லிக்கொண்டிருப்பது ஸ்டார் கணக்கு இல்லை தம்பி. ஸ்டார் சொல்வது, உங்களால் ஆபத்து இல்லை என்பதை மட்டும். இன்னும் நூறு சேர்ந்தாலும் அதையேதான் சொல்லும். அங்கே கான்ட்ராக்ட் முடிந்து 14 நாளுக்குள் ஃபீட்பேக் போட்டாக வேண்டும். உங்கள் வீடியோ என்ன செய்தது என்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தெரியும். அதனால் ஒரு மாதம் கழித்து அங்கேயே மெசேஜில் கேளுங்கள், "அந்த வீடியோ எப்படிப் போகிறது?" என்று. கேஸ் ஸ்டடி அந்தப் பதிலில்தான் இருக்கும்.

மன்னார்குடி, டெவலப்பர்: நான் சென்னை ஏஜென்சி மூலமா வேலை செய்யறேன். ரகசிய ஒப்பந்தம் இருக்கு. பேரை மறைச்சுட்டு எழுதலாமா?

ஒப்பந்தத்தைப் படிக்காமல் எழுதாதீர்கள். சிலவற்றில் கிளையன்ட் பெயர் மட்டும் ரகசியம், சிலவற்றில் வேலையே ரகசியம். பெயரை மறைத்தாலும் தொழிலையும் ஊரையும் அளவையும் சேர்த்துச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். எழுதியதை ஏஜென்சிக்கு மெயிலில் அனுப்பி அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள், சொந்தமாகப் பிடித்த சின்ன வேலை ஒன்றை எழுதுங்கள்.

நாகப்பட்டினம், டிசைனர்: கேஸ் ஸ்டடியில வாங்கின தொகையையும் போடணும்கிறது என் அனுபவம். பேரம் பேசுறவங்க தானா விலகிடறாங்க.

உங்களுக்கு அது பலித்திருக்கலாம், நீங்கள் ஏற்கெனவே நல்ல தொகை வாங்குகிறவர். மயிலாடுதுறைத் தம்பி உள்ளூர்க் கடையில் வாங்கியதைப் போட்டால் பெங்களூரிலும் அதுவே அவர் ரேட்டாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைக்காரரும் தான் கொடுத்த தொகை வெளியே தெரிவதை விரும்பமாட்டார். இதில் வேறு அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டுக்கோட்டை, புக்கீப்பர்: ரெண்டு தடவை கேட்டும் கிளையன்ட் பதிலே போடல. மூணாவது தடவை கேட்கலாமா?

டெஸ்டிமோனியல் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து முடித்த அன்று கூப்பிட்டு, "முன்பெல்லாம் இதற்கு எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்துவிடுவார். பேசி முடித்ததும், "இப்போது சொன்னதை எழுதி அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.