கேஷ்லெஸ் இணைப்புக் கடிதத்தில் முதலில் படிக்கப்படுவது கட்டணப் பட்டியல்தான்

கேள்வி: "எங்கள் 30 படுக்கை மருத்துவமனையைக் காப்பீட்டு நிறுவனங்களின் கேஷ்லெஸ் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். வசதி, கட்டணம், அங்கீகாரம் இவற்றையெல்லாம் எப்படி எழுதுவது?"

மருத்துவமனையை நடத்துபவர் ஒரு மருத்துவர் என்றும், எழுதும் பொறுப்பு அலுவலகத்தில் இருக்கும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிறிய மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இருந்து இத்தகைய கடிதங்களை அனுப்பியிருக்கிறேன். பிறகு காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் ஒரு டி.பி.ஏ.வில் அமர்ந்து அவற்றைப் படித்தும் இருக்கிறேன். நிறுவனரின் சேவை மனப்பான்மையை இரண்டு பக்கம் புகழும் மாதிரிக் கடிதங்களை ஆலோசகர்கள் நல்ல விலைக்கு விற்கிறார்கள்; அந்த இரண்டு பக்கங்களை, மருத்துவமனைகளை இணைக்கும் நெட்வொர்க் பிரிவில் எவரும் படித்து நான் பார்த்ததில்லை.

வசதிகளைப் பற்றிய பகுதி ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. படுக்கை எண்ணிக்கை, 24 மணி நேரமும் பணியில் இருக்கும் மருத்துவர், செவிலியர், சொந்த அறுவை அரங்கம், தீவிர சிகிச்சைப் படுக்கைகள் ஆகியவை போதும். ஆனால் கடிதத்தில் 30 படுக்கை என்று எழுதிவிட்டு, பதிவுச் சான்றிதழிலும் மருத்துவக் கழிவு அனுமதியிலும் 24 என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். காப்பீட்டுத் துறையின் மருத்துவமனைப் பதிவேடான ரோஹிணியில் உங்களுக்குத் தரப்பட்ட 13 இலக்க எண்ணை முதல் பக்கத்திலேயே தாருங்கள். அதில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் நுழைவு நிலைச் சான்றிதழ் மட்டும் பெற்றிருந்தால் அதை அப்படியே எழுதி, செல்லுபடியாகும் தேதியையும் குறிப்பிடுங்கள். அதை 'முழு அங்கீகாரம்' என்று எழுதுவது ஆய்வுக்கு வருபவரின் கண்ணில் கட்டாயம் படும்.

இனி கட்டணப் பட்டியல். நான் வேலை செய்த மருத்துவமனையின் பழைய பட்டியலில் 'பித்தப்பை நீக்கம், லேப்ராஸ்கோப்பி' என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் மட்டுமே இருந்தன. அந்தத் தொகைக்குள் மயக்க மருத்துவரின் கட்டணம் அடங்குமா, மருந்து அடங்குமா, எத்தனை நாள் தங்கலாம் என்பதற்குப் பதில் இல்லை. பொது வார்டு, இருவர் அறை, தனி அறை என்று அந்த வரியை மூன்றாகப் பிரித்தோம். இரண்டு நாள் தங்கல், அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அரங்கம், வழக்கமான மருந்துகள் அனைத்தும் அடக்கம் என்றும், திசுப் பரிசோதனையும் தீவிர சிகிச்சையும் தனி என்றும் எழுதினோம். நடுவில் வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் எந்தக் கட்டணம், அதே மயக்கத்தில் குடலிறக்கத்தையும் சரிசெய்தால் இரண்டாவது அறுவைக்குப் பாதியா என்பதையும் சேர்த்தோம். இவை எழுதப்படாவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் அதே வாக்குவாதம் எழும்.

திசுவை வெட்டும்போதே இரத்தக் கசிவையும் அடைக்கும் கருவியான ஹார்மோனிக் ஸ்கால்பெல்லுக்குத் தனித் தொகை போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலில் அது அறுவைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்க வேண்டிய பொருள். அட்மிஷன் கட்டணம் சிகிச்சைச் செலவுக்குள் அடங்க வேண்டியது. "கருவி வாங்கிய விலை யாருக்குத் தெரியும்?" என்று மருத்துவர்கள் கோபிப்பது நியாயம்தான், அந்த விலையை அறுவைக் கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள், தனி வரியாகப் போட்டால் அது வெட்டப்படும்.

பெரும்பாலான கடிதங்களில் விடுபடுவது, அறைக்கு ஏற்றபடி கட்டணம் மாறுமா என்று சொல்லும் ஒரு வாக்கியம். நோயாளியின் பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 4,000 ரூபாய் என்றும், அவர் 5,000 ரூபாய் அறையில் தங்குகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது மருத்துவர் கட்டணம், அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் 20 சதவீதம் குறைக்கப்பட்டு, அது நோயாளியின் கையிலிருந்து போகும். மருந்து, உள்வைப்புக் கருவி, பரிசோதனை, தீவிர சிகிச்சைக் கட்டணம் ஆகியவற்றுக்கு இந்தக் குறைப்பு கிடையாது. அறைக்கு ஏற்றபடி கட்டணம் மாறாத மருத்துவமனையில் இந்தக் குறைப்பையே செய்யக்கூடாது என்பது விதி. உங்கள் மருத்துவர் எல்லா அறைகளுக்கும் ஒரே கட்டணம்தான் வாங்குகிறார் என்றால், அதைக் கட்டணப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். மேலே நான் சொன்ன மூன்று பிரிவு முறை உங்களுக்கு அப்போது தேவையில்லை. எங்கள் மருத்துவர்கள் அறைக்கேற்ப வாங்கியதால்தான் அப்படிப் பிரித்தோம்.

நான்கு பொதுத்துறை நிறுவனங்களுக்கு மட்டும் இந்த உழைப்பு ஓரளவுக்கே உதவும். அவர்களுக்குப் பொதுவான மருத்துவமனை வலையமைப்பான பி.பி.என். பட்டியலில் பேக்கேஜ் தொகை பொதுவாகப் பேசி முடிவு செய்யப்படுவதால், அவர்கள் சொல்லும் தொகையில் எந்த அறுவையை உங்களால் நஷ்டமின்றிச் செய்ய முடியும் என்பதைக் கடிதம் அனுப்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.